சலூன் கேப்ஷன்ல தமிழ் முதல்லயா இங்கிலீஷ் முதல்லயா?

கல்லடில லேடீஸ் சலூன் வச்சிருக்கன். வாறவங்கள்ல பாதிப்பேர் தமிழ் மட்டும் வாசிக்கிறவங்க, மற்றவங்க லீவுக்கு லண்டன், கனடாவில இருந்து வாற பிள்ளைகள், தமிழ் கதைப்பாங்க ஆனா வாசிக்கத் தெரியா.

இன்ஸ்டால தமிழ மேலயும் இங்கிலீஷ கீழயும் போட்டு வந்தன். போன மாசம் கெரட்டின் போஸ்ட்ல "3 நாளைக்கு தலை கழுவவோ இறுக்கிக் கட்டவோ வேணாம்" எண்டு எழுதினன், அதுட இங்கிலீஷ் வரி more எண்டதுக்குள்ள மறைஞ்சு போச்சு, லண்டன் பிள்ளை ஒண்டு மற்ற நாளே கழுவிட்டு வந்து நிக்கிது. நான் வாயாலயும் சொல்லியிருக்கணும், அது என்ட பிழைதான்.

பிறகு இங்கிலீஷ மேல போட்டன், அம்மாமார் வாசிக்காமலே தள்ளிட்டுப் போறாங்க. ரெண்டு போஸ்டா போட்டா பக்கம் ஒரே படமா நிறையுது. ஆட்டோ ட்ரான்ஸ்லேட் "த்ரெட்டிங்"க நூல் கோர்க்கிறது எண்டு போட்டிச்சு!

இப்ப இங்கிலீஷ படத்துக்கு மேலயே எழுதிப் பாக்கிறன், ஆனா போன்ல எழுத்து சின்னனாத் தெரியுது.

இப்பிடி ரெண்டு பாஷைக்காரருக்கும் எழுதுறவங்க, more வாறதுக்கு முந்தின அந்த ரெண்டு வரியில எதைத் தமிழ்லயும் எதை இங்கிலீஷ்லயும் போடுறீங்க?