புதுப்பிப்பு: வாழைத்தாருக்குத் தந்த செக் திரும்பிய விவகாரம்

“களக்காட்டு வியாபாரி தந்த 84,000 ரூபாய் செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. இன்னும் கேட்டுப் பார்க்கவா, நோட்டீஸ் விடவா, விட்டுவிடவா?”

உதவிய எல்லோருக்கும் நன்றி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி சொன்னதுதான் காப்பாற்றியது: செக் திரும்பியதென்று வங்கி தரும் மெமோ கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நான் போனில் கேட்டுக் கேட்டே 23 நாளைக் கழித்திருந்தேன், வியாபாரியோ “அடுத்த வாரம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுபடி செக்கைப் போடச் சொன்ன தம்பி சொன்னதும் பாதி சரி, ஆனால் அது செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள்தான் முடியும், எனக்குப் பத்து நாள்தான் மீதி, வியாபாரி கணக்கிலும் பணமில்லை. சீட்டுப் பணம் போன கதையைச் சொன்ன அக்காவுக்கு: உங்களிடம் செக் இல்லாததால் இந்த வழி பொருந்தாது.

அப்புறம் எதிர்பாராதது ஒன்று. பதிவுத் தபாலில் போன நோட்டீஸ், வாங்க ஆளில்லை என்று திரும்பி வந்தது. நான் பதறிவிட்டேன். விலாசம் சரியாக இருந்தால் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், கவரைப் பிரிக்காமல் வையுங்கள் என்றார் பாளையங்கோட்டை வக்கீல்.

நோட்டீஸுக்குப் பின் பணம் தர வியாபாரிக்குள்ள 15 நாள் கெடுவில் பன்னிரண்டாம் நாள் 50,000 வந்தது. மீதி 34,000 வரவில்லை. கெடு முடிந்தபின் கோர்ட்டில் புகார் கொடுக்க ஒரு மாதம்தான், அதில் ஒன்பது நாள் போய்விட்டது. விட்டுவிட மனமில்லை, வழக்குக்கு அலையவும் யோசனையாக இருக்கிறது.