தென்னாப்பிரிக்கா சுலபமான ரூட்ல ஃபைனல் போச்சா?

கேலரி டிக்கெட்
2023-25 டெஸ்ட் சாம்பியன்ஷிப் பட்டியல்ல, கிடைக்கக்கூடிய புள்ளியில தென்னாப்பிரிக்கா எடுத்தது 69.44 சதவீதம், ஆஸ்திரேலியா 67.54, இந்தியா சரியா 50. ஆனா தென்னாப்பிரிக்கா அந்த ரெண்டு வருஷத்துல ஆஸ்திரேலியாவோடயும் இங்கிலாந்தோடயும் ஒரு டெஸ்ட் கூட ஆடலை. யார் கூட ஆடினாங்கன்னு பார்த்து இந்த சதவீதத்தைத் திருத்தினா, நாம ஃபைனல் போயிருப்போமா?

லெக் பை
லார்ட்ஸ்ல மார்க்ரம் 136 அடிச்சு, 282 ரன் சேஸ் பண்ணி கப்பைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப வந்து ரூட்டு சுலபம், பாலம் உடைஞ்சதுன்னு பேசிக்கிட்டு.

கேலரி டிக்கெட்
கப்பு அவங்களுதுதான் ப்ரோ, யாரு இல்லைன்னா? ஃபைனலுக்கு முந்தின பட்டியலைப் பத்திதான் கேக்கறேன்.

முதல் ஸ்லிப்
இது பெரிய கணக்கே இல்ல. எதிரணிகளோட சதவீதத்தை எடுத்து சராசரி போடுங்க. தென்னாப்பிரிக்கா ஆறு டீமோட தலா 2 டெஸ்ட் ஆடுச்சு: இந்தியா, நியூசிலாந்து, இலங்கை, வங்கதேசம், வெஸ்ட் இண்டீஸ், பாகிஸ்தான். சராசரி 37 சொச்சம். ஆஸ்திரேலியாவுக்கு இங்கிலாந்தோட 5, இந்தியாவோட 5, மத்ததெல்லாம் சேர்த்து 19 டெஸ்ட், சராசரி 41. பட்டியல்ல ரெண்டு டீமுக்கும் 2 புள்ளி கூட வித்தியாசம் இல்ல, எதிரணில 4 வித்தியாசம். ஆஸ்திரேலியாதான் முதலிடம். முடிஞ்சது.

கணக்குப்பிள்ளை
முடியலை தம்பி, ரெண்டு இடத்துல வழுக்கிட்டீங்க.

முதலாவது, நீங்க எடுத்த சதவீதத்துல ஓவர் தாமதத்துக்கு வெட்டின புள்ளியும் கலந்திருக்கு. இங்கிலாந்துக்கு 22 புள்ளி வெட்டினாங்க, அதனாலதான் 43. வெட்டாம பார்த்தா 51க்கு மேல. பாகிஸ்தானும் 28 இல்ல, கிட்டத்தட்ட 36. ஓவர் மெதுவா போட்டாங்கன்னு அவங்க பந்து அடிக்கச் சுலபமாயிடாது. எதிரணி பலத்தை அளக்கும்போது அந்த அபராதத்தை எடுத்துடணும்.

இரண்டாவதுதான் பெரிய ஓட்டை. ஆஸ்திரேலியா இந்தியாவை 3-1ன்னு அடிச்சுது. அதுல இந்தியாவோட சதவீதம் இறங்குச்சு. அந்த இறங்கின நம்பரையே எடுத்து 'ஆஸ்திரேலியா ஆடின இந்தியா சுமாரான டீம்'னு எழுதினா என்ன அர்த்தம்? ஜெயிச்சதுக்கே தண்டனை. அந்த 5 டெஸ்டைத் தள்ளிட்டுப் பாருங்க. மிச்சம் 14ல இந்தியா 8 ஜெயிச்சுது, 5 தோத்துது, 1 டிரா. 59 சதவீதத்தைத் தாண்டுது. ஒவ்வொரு எதிரணிக்கும் இதே மாதிரி உங்களோட ஆடின ஆட்டத்தைக் கழிச்சுட்டுத்தான் சராசரி போடணும்.

அப்படிப் போட்டா தென்னாப்பிரிக்காவோட எதிரணிகள் 41.7, ஆஸ்திரேலியாவோடது 50.3, இந்தியாவோடது 56.3. மூணுல கஷ்டமான பாதை இந்தியாவுடையதுதான். ஆஸ்திரேலியாவுல 5, இங்கிலாந்தோட 5, தென்னாப்பிரிக்காவுல 2.

இப்ப சொந்த சதவீதத்தோட இதைக் கூட்டுங்க. ஆஸ்திரேலியா 117.8, தென்னாப்பிரிக்கா 111.1, இந்தியா 106.3. முதல் ரெண்டு இடம் மாறுது, ஃபைனல் மாறலை. ஆனா நமக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் 19 புள்ளியா இருந்த இடைவெளி 5க்கு வந்துடுச்சு.

செஸ் அப்பா
இதைப் படிக்கும்போது வயிறு எரியுது சார். போன மாசம் ஒரு ஸ்விஸ் டோர்னமென்ட்ல என் பொண்ணு 9 ரவுண்டுல 7 எடுத்தா. அதே 7 எடுத்த இன்னொரு பையனுக்குக் கோப்பை. எதிராளிகளோட புள்ளியைக் கூட்டிப் பார்க்கற புக்ஹோல்ஸ்ல அரை புள்ளி குறைச்சலாம். முதல் ரவுண்டுல இவகிட்ட தோத்த குழந்தை மூணாவது ரவுண்டோட வீட்டுக்குக் கிளம்பிடுச்சு. அந்தக் குழந்தை ஆடாத ரவுண்டுக்கு என் பொண்ணு ஏன் சார் புள்ளி இழக்கணும்?

கணக்குப்பிள்ளை
அதுவும் இதே குடும்பத்து நோய்தான் சார். எதிராளிகளோட புள்ளியைக் கூட்டினா, எதிராளிக்கு நடந்தது உங்க தலையில விடியும். அதுக்குத்தான் பல டோர்னமென்ட்ல குறைஞ்ச ஒரு எதிராளியைத் தள்ளிட்டுக் கூட்டுவாங்க. ஆனா செஸ்ல இது சம புள்ளி வந்தா மட்டும்தான். கேலரி கேக்கறது பட்டியலையே மாத்தலாமான்னு.

நைட்வாட்ச்மேன்
எனக்கு ஒரு சந்தேகம். சொந்த சதவீதத்தோட எதிரணி சராசரியை ஒண்ணுக்கு ஒண்ணா ஏன் கூட்டணும்? யாரு சொன்னா? அமெரிக்கக் காலேஜ் பாஸ்கெட்பால்ல ரொம்ப வருஷம் ஆர்.பி.ஐ.ன்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க. அதுல சொந்த வெற்றிக்குக் கால் பங்கு, எதிரணிகளுக்கு அரைப் பங்கு, எதிரணிகளோட எதிரணிகளுக்குக் கால் பங்கு. எதிரணிக்கு இரட்டிப்பு எடை! அதே மாதிரி இங்க எடையைக் கொஞ்சம் ஏத்துங்க. ஒண்ணரை மடங்கு வெச்சா இந்தியா 134, தென்னாப்பிரிக்கா 132. நாம உள்ள, அவங்க வெளிய.

முதல் ஸ்லிப்
பார்த்தியா! எடையை மாத்தினா ஃபைனலே மாறுது. அப்ப இது கணக்கா, கைவரிசையா?

கணக்குப்பிள்ளை
நைட்வாட்ச்மேன் போட்ட கூட்டல் சரி. சுமார் 1.33 மடங்குக்கு மேல போனா இந்தியா தாண்டிடும். ஆனா அந்த ஆர்.பி.ஐ.யைக் காலேஜ்காரங்களே 2018ல ஆண்கள் பாஸ்கெட்பால்ல தூக்கிட்டு வேற முறைக்குப் போயிட்டாங்க. பலமான டீமோட ஆடித் தோத்தாலே நம்பர் ஏறுதுங்கறது அதுமேல ரொம்ப நாளா இருந்த புகார்.

என்னைக் கேட்டா எடை ஒண்ணுக்குக் கீழதான் இருக்கணும். இலங்கை தென்னாப்பிரிக்காவைத் தவிர ஆடினது 11 டெஸ்ட். அதுல ஒரு டெஸ்ட் இந்தப் பக்கம் இல்லாம அந்தப் பக்கம் போனா 9 சதவீதம் ஆடும். அதுல பாதி டாஸ், மழை, ஒரு கேட்ச். அந்த அதிர்ஷ்டத்தை முழுசா நம்பி இன்னொரு டீமோட தலையெழுத்தை எழுதக்கூடாது. எடையைக் குறைச்சா தென்னாப்பிரிக்கா இன்னும் பத்திரமா இரண்டாவது இடத்துல உக்காரும்.

நைட்வாட்ச்மேன்
ஆனா எதிரணிகளோட எதிரணிகளை நீங்க பார்க்கவே இல்லையே. இங்கிலாந்து இந்தியாவுல 5, ஆஸ்திரேலியாவோட 5 ஆடி எடுத்த 50ம், வேற ஒரு டீம் சுலபமா எடுத்த 50ம் ஒண்ணா? அதையும் சேர்த்தா நம்ம பக்கம்தான் ஏறும்.

கணக்குப்பிள்ளை
நியாயம். திருத்தின நம்பரை மறுபடி உள்ள போட்டு, நம்பர் அசையாம நிக்கற வரைக்கும் சுத்தணும். நான் ஒரு சுத்துதான் கையால போட்டேன்.

பாக்ஸிங் டே
நீங்க எவ்வளவு சுத்தினாலும் ஒண்ணு தெரியாது. 2024 பிப்ரவரில நியூசிலாந்துக்குத் தென்னாப்பிரிக்கா அனுப்பினது எந்த டீம்? அவங்க நாட்டு டி20 லீக் நடக்குதுன்னு முக்கியமான ஆளுங்களை வீட்டுல வெச்சுட்டு, ஒரு டெஸ்ட் கூட ஆடாத நீல் பிராண்டைக் கேப்டனாக்கி அனுப்பினாங்க. 0-2. அவங்க தோத்த 3 டெஸ்ட்ல ரெண்டு அதுதான். நியூசிலாந்து பக்கம் பார்த்தா அந்த ரெண்டு வெற்றியும் 'பட்டியல்ல முதல் டீமை ஜெயிச்சோம்'னு கணக்குல ஏறுது. யார் களத்துல நின்னாங்கன்னு உங்க சதவீதத்துக்கு எப்படித் தெரியும்?

கணக்குப்பிள்ளை
தெரியாது. அதைக் கையால திருத்த ஆரம்பிச்சா அப்புறம் பும்ரா முதுகுவலியோட சிட்னியில ரெண்டாவது இன்னிங்ஸ் போடலைங்கறதையும் சேர்க்கணும். எங்க நிறுத்தறது?

லெக் பை
எங்க நிறுத்தறதுன்னா, நியூசிலாந்துகிட்ட சொந்த ஊர்ல 0-3 வாங்கின இடத்துல நிறுத்தலாம். அதுல ஒரு டெஸ்ட் ஜெயிச்சிருந்தாலே 12 புள்ளி, 228ல. 5 சதவீதம் வந்திருக்கும்.

கேலரி டிக்கெட்
அது கணக்குப்பிள்ளை சொன்ன இடைவெளி அளவுதான். எரியுது ப்ரோ. கணக்குப்பிள்ளை சார், அந்த சுத்தற கணக்கை 9 டீமுக்கும் முழுசாப் போட்டு ஒரு ஷீட்டா அனுப்ப முடியுமா? உள்ளூர், வெளியூர் ஆட்டத்தையும் பிரிச்சு.

கணக்குப்பிள்ளை
ஞாயித்துக்கிழமை பார்க்கறேன். உள்ளூர் சாதகத்துக்கு எவ்வளவு புள்ளி கழிக்கணும்னு நீங்க எல்லாரும் அதுக்குள்ள சண்டை போட்டு முடிச்சு வைங்க.