ஆர்த்தோ டெஸ்டுகளை ஒரே பக்கத்தில் அடக்க உதவி வேண்டும்

இறுதியாண்டு எம்பிபிஎஸ். ஆர்த்தோ நோட்ஸில் ஆள் பெயர் வைத்த டெஸ்டுகளையும் சைன்களையும் மூட்டு வாரியாக ஒரே ஏ4 பக்கத்துக்குள் சுருக்கிக்கொண்டிருக்கிறேன், இடுப்பிலேயே மாட்டிக்கொண்டேன்.

ட்ரெண்டலன்பர்க்குக்கு என் நோட்ஸில் "இறங்கும் பக்கம் பாதிப்பு" என்று இருக்கிறது, எழுதியது நானேதான், அரைத்தூக்கத்தில். இடது காலில் நிற்கும்போது வலது பக்க இடுப்பு இறங்கினால் பழுது இடது பக்கம்தானே, நிற்கிற காலின் குளூட்டியஸ் மீடியஸால் இடுப்பைத் தாங்க முடியவில்லை என்பதால்? அப்படித்தான் திருத்தியிருக்கிறேன், யாராவது உறுதி செய்யுங்கள்.

தாமஸ் டெஸ்டுக்கு ஒரே வரிதான் இடம். மறு காலை மடக்கி முதுகு வளைவைப் போக்கினால்தான் மறைந்திருக்கும் ஃபிளெக்ஷன் டிஃபார்மிட்டி வெளியே வரும், அதை விடாமல் எப்படிச் சுருக்குவது?

அப்புறம் ஏப்ளி. தோளில் ஸ்க்ராட்ச், முழங்காலில் கிரைண்ட், ஒரே பெயர். இரண்டு கட்டத்திலும் போடுவதா, ஓரிடத்தில் அம்புக்குறி போதுமா? காலை நேராகத் தூக்கிப் பார்க்கும் லசேக்கையும் இடுப்புக் கட்டத்தில் போட்டிருந்தேன், அது நரம்பு வேர் இழுபடுவதைக் காட்டுவது, முதுகெலும்புக்கே போகட்டும் சரியா?

உங்கள் பழைய ஷீட் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், கையெழுத்து மோசமானாலும் பரவாயில்லை.