ஸ்கோப்பில் சுத்தமாக இருக்கிறது, மில்லில் சத்தம் நிற்கவில்லை. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பல்லடம்ரோடு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கோன் வைண்டிங் மெஷினில் நூலை இடவலமாக ஓட்டும் மோட்டாருக்கான போர்டு நாங்கள் செய்தது. `STM32F103`, 72 மெகாஹெர்ட்ஸ். கரண்ட் லூப் டைமர் இன்டரப்டில் 16 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது 62.5 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை. மில்லில் மோட்டார் அவ்வப்போது "டக்" என்று தட்டுகிறது என்றார்கள். அங்கே இருக்கிற ஃபிட்டர் அண்ணன் "அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா தட்டுதுங்க, கடிகாரம் மாதிரி" என்றார். நான் பேரிங்கைப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன், இரண்டு நாள் போனது.

அப்புறம்தான் சும்மா கிடந்த ஒரு பின்னை எடுத்து லூப்புக்கு முன்னும் பின்னும் ஆட்டினேன்.

```c
GPIOB->BSRR = 1u << 12;
current_loop();
GPIOB->BSRR = 1u << (12 + 16);
```

பல்ஸ் 21 மைக்ரோ செகண்ட், அழகாக நின்றது. பெர்சிஸ்டன்ஸை முடிவில்லாமல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், பளிச்சென்று இருக்கிற 21-க்கு வலப்பக்கம், ரொம்பத் தள்ளி 74-இல் நூல் மாதிரி மங்கலாக ஒரே ஒரு செங்குத்துக் கோடு. அந்தக் கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 40-க்கு மேல் நீளமான பல்ஸ் வந்தால் மட்டும் நிற்கும்படி டிரிகரை வைத்தேன், ஒரு மணி நேரத்தில் நாலு பிடித்தது.

காரணமும் கிடைத்தது. ஸ்கிரீனிலிருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை செட்டிங் முழுவதும் மோட்பஸில் வரும், 59 பைட். கடைசி பைட் வந்ததும் யுஆர்ட் இன்டரப்டுக்குள்ளேயே சிஆர்சி போட்டிருந்தோம், பிட் பிட்டாக. அதற்கு மட்டும் 53 மைக்ரோ செகண்ட். யுஆர்ட்டின் முன்னுரிமை 0, டைமருக்கு 1. எண் சிறியது என்றால் உரிமை பெரியது, அதனால் லூப்பின் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டது. 21-உம் 53-உம் சேர்ந்து 74.

இரண்டுக்கும் 1 என்று கொடுத்தேன். இனி ஒன்றுக்குள் ஒன்று புக முடியாது. நாள் முழுக்க ஸ்கோப் ஓடியது, 21-க்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஃபர்ம்வேரை மில்லில் ஏற்றிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் ஃபிட்டர் அண்ணன் போன் செய்து "இன்னும் தட்டுதுங்க தம்பி" என்கிறார். மெக்கானிக்கல்தான் என்று சொல்லிவிட்டேன், ஆனால் மனது கேட்கவில்லை. மணிக்கு நாலு என்று நான் பார்த்தேன், அவர் கணக்குப்படி பன்னிரண்டு. இதுவும் உறுத்துகிறது.

ஈரோட்டுக்காரன்

பின்னும் ஸ்கோப்பும் எதற்குங்க? சிப்புக்குள்ளேயே சைக்கிள் கவுன்டர் இருக்கிறது. எல்லா ஏஆர்எம்மிலும் உண்டு. `DWT->CYCCNT`-ஐ முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை படித்துக் கழித்து, அதிகபட்சத்தை மட்டும் ஒரு மாறியில் வைத்துக்கொண்டால் போதும். சராசரி எடுத்தால்தான் ஏமாறுவோம். உங்கள் கணக்கையே எடுங்கள், 5 நிமிடத்தில் லூப் 48 லட்சம் தடவை ஓடுகிறது, அதில் ஒன்று கெட்டால் சராசரியில் எங்கே தெரியும்?

எனக்கு நடந்தது வேறு. மேசையில் அருமையாக எண்ணிய கவுன்டர், பெருந்துறையில் மாட்டியதும் பூஜ்யத்திலேயே நின்றது. மூன்று போர்டு மாற்றினேன். ஒவ்வொன்றையும் மேசைக்குக் கொண்டுவந்து டிபக்கரைச் சொருகினால் ஓடும், கழற்றிப் பவர் போட்டால் பூஜ்யம். கடைசியில் பார்த்தால் கவுன்டரை இயக்கும் வரி என் கோடில் இருந்தது, அதற்கும் முன்னால் போட வேண்டிய வரி இல்லை. டிபக்கர் சொருகும்போது அதுவே அந்த பிட்டைப் போட்டுவிடுகிறது.

```c
CoreDebug->DEMCR |= CoreDebug_DEMCR_TRCENA_Msk;
DWT->CYCCNT = 0;
DWT->CTRL |= DWT_CTRL_CYCCNTENA_Msk;
```

முதல் வரிதான் விட்டுப்போனது. பல்லடம் நண்பரே, அதிகபட்சத்தைப் பாருங்கள், உங்கள் தட்டல் அதில் மாட்டும்.

இறுதியாண்டு_கோவை

எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. ஆர்டுயினோ ஊனோவில் தண்ணீர்த் தொட்டி மட்டம் பார்க்கிற புராஜெக்ட். அல்ட்ராசோனிக் சென்சாரிலிருந்து வரும் பல்ஸின் நேரத்தை `micros()` வைத்து அளந்தால் எப்போதும் நாலின் மடங்காகவே வருகிறது. சென்சார் பழுதா? ஸ்கோப்பில் பார்க்கலாம் என்று `digitalWrite` வைத்து ஒரு பின்னை உயர்த்தி, நடுவில் ஒன்றுமே எழுதாமல் உடனே இறக்கினேன், அதற்கே 4 மைக்ரோ செகண்டுக்குப் பக்கம் காட்டுகிறது. ஒன்றுமில்லாததற்கு எப்படி நேரம் ஆகும்? ரிவ்யூ வெள்ளிக்கிழமை.

குறிச்சி_பெஞ்ச்

பல்லடம் தம்பி, உங்கள் மோட்டாரில் குறையில்லை, ஃபிட்டர் சொன்னதுதான் சரி.

நீங்கள் அளந்தது லூப் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை. எப்போது ஆரம்பித்தது என்று அந்தப் பல்ஸின் அகலம் சொல்லாது. உங்கள் எண்களையே வைத்துப் பாருங்கள். 62.5-இல் லூப்புக்கு 21 போனால் மிச்சம் 41.5. சிஆர்சிக்கு வேண்டியது 53. எந்த இடைவெளியிலும் அது அடங்காது. ஆக ஒவ்வொரு தடவை அந்த 59 பைட் வரும்போதும் ஏதோ ஒரு லூப் அடி வாங்கியே தீர வேண்டும். பழைய ஃபர்ம்வேரில் லூப் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தவை மட்டும் பல்ஸை நீட்டின. அது 62.5-இல் 21, மூன்றில் ஒரு பங்கு. பன்னிரண்டில் நாலு. மீதி எட்டு, லூப் சும்மா இருந்த நேரத்தில் வந்து அடுத்த லூப்பைத் தாமதப்படுத்தின. அவை 21 அகலத்திலேயே இருந்ததால் உங்கள் டிரிகர் அவற்றைத் தொடவில்லை.

இப்போது இரண்டையும் சமமாக்கிவிட்டீர்கள். நீண்ட பல்ஸ் அடியோடு போய்விட்டது, ஆனால் பன்னிரண்டும் தாமதமாக மாறிவிட்டன. ஸ்கோப்பில் சுத்தமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். டிரிகரின் திசையைத் திருப்புங்கள். பின் கீழே இருக்கும் நேரம் 41.5 இருக்க வேண்டும், 45-க்கு மேல் போனால் நிற்கும்படி வையுங்கள்.

ஈரோட்டுக்காரரே, அதிகபட்சம் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை, பழைய ஃபர்ம்வேரில் 74-ஐப் பிடித்திருக்கும். இன்றைய ஃபர்ம்வேரில் அதுவும் 21 என்றுதான் சொல்லும். லூப்பின் வாசலில் நின்று போன வாசலுக்கும் இதற்கும் எவ்வளவு என்று எடுக்க வேண்டும்.

```c
uint32_t now = DWT->CYCCNT;
uint32_t gap = now - last;
last = now;
if (gap > gap_max) gap_max = gap;
```

72 மெகாஹெர்ட்ஸில் 4500 வர வேண்டும். `last`-க்கு முதல் தடவை மதிப்பு இருக்காது, அந்த ஒன்றை விட்டுவிடுங்கள். அப்புறம் எல்லா ஏஆர்எம்மிலும் இந்தக் கவுன்டர் இல்லை. கார்டெக்ஸ் எம்0-வில் கிடையாது, அங்கே பின்தான் கதி.

கோவைத் தம்பிக்கு: உங்களுடையது வேறு விஷயம். ஊனோவில் `micros()` நாலு நாலாகத்தான் ஏறும், சென்சார் மேல் பழி வேண்டாம். `digitalWrite` பின் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறது, அந்த நேரம்தான் நீங்கள் பார்த்தது. 13-ஆம் பின்னுக்கு `PORTB |= (1 << 5);` போடுங்கள், இரண்டு சைக்கிளில் முடியும். ஆனால் வெறுமையை முதலில் அளந்தீர்களே, அதை விடாதீர்கள்.

கணபதி_பம்ப்

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், கிரவுண்ட் கிளிப்பை எங்கே மாட்டினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் கதை சின்னது. பம்ப் டிரைவ் போர்டு, இதே மாதிரி ஒரு பின்னை ஆட்டிப் பார்க்கப் புரோப்பின் கிளிப்பைப் போர்டின் கிரவுண்டில் மாட்டினேன். மாட்டிய நொடியில் பட்டென்று வெடித்து எம்சிபி விழுந்தது. கிளிப்பின் முதலைவாய் ஒரு பல் உருகிப் போர்டோடு ஒட்டிக்கொண்டது. அதை இன்னும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

அந்தப் போர்டில் கன்ட்ரோலரின் கிரவுண்டும் ரெக்டிஃபையரின் மைனஸும் ஒன்றுதான், தனிமைப்படுத்தவில்லை. ஸ்கோப்பின் கிளிப் அதன் பவர் கார்டு வழியாக எர்த்தோடு சேர்ந்தது. ஆக மெயின்ஸை நானே கையால் எர்த் செய்திருக்கிறேன். விலை குறைந்த டிரைவ்களில் நிறைய இப்படித்தான் இருக்கும். போர்டு ஓடும்போது அதன் கிரவுண்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் முதலில் மல்டிமீட்டரை வையுங்கள், வோல்ட் காட்டினால் கிளிப்பைக் கிட்டேயே கொண்டு போகாதீர்கள்.

ஈரோட்டுக்காரன்

ஸ்கோப்பின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போதுமே, நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம்.

கணபதி_பம்ப்

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த்தை எடுத்தால் வெடிக்காது, ஆனால் ஸ்கோப்பின் வெளி உலோகம் எல்லாம், அந்த பிஎன்சி வளையம் உட்பட, போர்டின் வோல்ட்டேஜில் நிற்கும். குமிழைத் திருகப் போகிற கை உங்களுடையது. டிஃபரன்ஷியல் புரோப் இருந்தால் அது, இல்லை என்றால் பெஞ்சில் கன்ட்ரோல் பகுதிக்கு மட்டும் தனி 5 வோல்ட் கொடுத்து, மெயின்ஸ் இல்லாமல் பாருங்கள். லூப் நேரம் அளக்கப் பெரும்பாலும் மோட்டார் சுற்ற வேண்டியதில்லை.

ஆப்டோகப்ளர் போடலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கையில் இருந்த பிசி817-ஐப் போட்டேன், 4.7 கிலோஓம் புல்அப். 12 மைக்ரோ செகண்ட் பல்ஸ் 30-ஐத் தாண்டிக் காட்டியது. அது ஆன் ஆவது வேகம், ஆஃப் ஆவது மெதுவு, அகலமே பொய்யாகிவிடும். கோடில் குறை தேடி ஒரு மாலை போனது. இந்த வேலைக்கு 6என்137 மாதிரி வேகமானது வேண்டும்.

பல்லடம்ரோடு

கணபதி அக்கா, எங்கள் போர்டு தனிமைப்படுத்தியது, ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன், ஒன்றுமில்லை.

குறிச்சி அண்ணா, டிரிகரைத் திருப்பி ஒரு மணி நேரம் விட்டேன். பன்னிரண்டு. நீங்கள் சொன்ன பன்னிரண்டேதான். `gap_max` 8200 சொச்சம் காட்டியது, கிட்டத்தட்ட 114 மைக்ரோ செகண்ட். அந்தப் படத்தில் நீளமான ஒரு பள்ளம், அதற்கு அப்புறம் இரண்டு பல்ஸ் இடைவெளியே தெரியாமல் ஒட்டிக்கொண்டு வருகிறது. தாமதமாக வந்த லூப் முடிவதற்குள் அடுத்ததும் வரிசையில் வந்து நின்றிருக்கிறது. பல்ஸ் ஒவ்வொன்றும் 21 தான்.

யுஆர்ட்டை 2 ஆக்கிவிட்டேன், சிஆர்சியை மெயின் லூப்புக்குத் தள்ளிவிட்டேன். 19200 பாடில் ஒரு பைட்டுக்கு 500 மைக்ரோ செகண்டுக்கு மேல் ஆகும், யுஆர்ட் 21 காத்திருந்தால் பைட் போகாது. இப்போது இடைவெளி 4500-ஐ ஒட்டியே நிற்கிறது. ஆனால் அகலம் சில பில்டுகளில் 21, சிலவற்றில் 23. லூப் கோடில் கை வைக்கவே இல்லை. ஃபிளாஷில் ஃபங்ஷன் இருக்கும் இடம் மாறுவதாலா?

குறிச்சி_பெஞ்ச்

இருக்கலாம், 72-இல் ஃபிளாஷ் இரண்டு வெயிட் ஸ்டேட்டில் ஓடுகிறது. மேப் ஃபைலில் இரண்டு பில்டின் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபங்ஷனை ராமில் வைத்து ஓட்டியும் பாருங்கள், வித்தியாசம் அப்படியே இருந்தால் வேறு எதையாவது தேட வேண்டும்.

பல்லடம்ரோடு

பார்க்கிறேன். நாளைக்கு மில்லுக்கு வாரலீவு, போய் ஏற்றப் போகிறேன். ஃபிட்டர் அண்ணனுக்குப் போன் செய்து உங்கள் கணக்குத்தான் சரி என்று சொன்னேன். "ராத்திரி ஷிப்ட்டும் ஓடட்டுங்க தம்பி, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.