தலையில் முளைத்த மின்கம்பத்தை எடுத்த அனுபவம்

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ

கொல்லங்கோடு பக்கம் வயல் வரப்பில் எடுத்த நிச்சயதார்த்தப் படம் ஒன்று. பெண் தலைமுடியை விரித்துவிட்டிருக்கிறாள், பின்னால் நெல்லியாம்பதி மலை மங்கலான நீலத்தில். சிரிப்பு அவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது. ஆனால் உச்சந்தலையிலிருந்து நேராக ஒரு கான்கிரீட் மின்கம்பம் கிளம்புகிறது. வீட்டார் இந்தப் படம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 12க்கு 18 அங்குல ஆல்பம், அதாவது 300 பிபிஐ கணக்கில் 3600க்கு 5400 பிக்சல். போனில் தெரியாத குறையெல்லாம் அந்த அளவில் தெரியும். அந்தக் கம்பத்தைப் போட்டோஷாப்பில் நீக்க நான் செய்ததை எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

வானத்தில் நிற்கும் கம்பம் பெரிய வேலை இல்லை. தனி லேயரில் குளோன் ஸ்டாம்ப், Sample இடத்தில் Current & Below. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வானம் கீழே வர வர வெளுக்கும். அதனால் கம்பத்துக்கு இடமோ வலமோ அதே உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். மேலேயிருந்து எடுத்து கீழே வைத்தால் திட்டுத் திட்டாக நிற்கும். மலைமுகடு கம்பத்தைத் தாண்டும் இடத்தில், எடுக்கும் புள்ளியைச் சரியாக முகட்டுக் கோட்டின் மேலேயே வைத்துத் தொடர்ந்தேன்.

கம்பிகளை முதலில் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் கம்பி இரண்டு கம்பத்துக்கு நடுவில் தொய்ந்து, கம்பத்தருகே ஏறி வரும். கம்பம் போனபிறகு கம்பி மட்டும் காற்றில் மேலே ஏறி முனை காட்டி நிற்கும். அதனால் கம்பிகளையும் முழுக்க எடுத்தேன். வரப்பில் விழுந்திருந்த கம்பத்தின் நிழலும் போயிற்று.

உண்மையான வேலை முடி ஓரத்தில் இருக்கிறது. அங்கே இழைகள் கம்பத்தின் மேலேயே படர்ந்திருக்கும், ஒவ்வொரு இழைக்கும் இடையில் கம்பத்தின் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். முடியைத் தொடாமல் அதன் ஓரம் வரை மட்டும் பின்னணியை நிரப்பினால், தலையைச் சுற்றி ஒரு சாம்பல் விளிம்பு மிஞ்சும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ ஒட்டின மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்வார். எனவே பின்னணியை முடிக்குள்ளேயும் கொண்டுபோய், கம்பத்தின் அகலத்துக்கு அந்த ஓர இழைகளை மொத்தமாக அழித்துவிட்டேன். அடர்த்தியான முடி தொடங்கும் இடத்தில் நிறுத்தினால் போதும், அதற்குள் கம்பம் தெரியாது. இழைகளைப் பிறகு அதன் மேல் புதிதாகக் கட்ட வேண்டும்.

பாறசாலை வெட்டிங் ஆல்பம்

இவ்வளவு சுற்ற வேண்டாம் அண்ணா. கம்பத்தைச் செலக்ட் பண்ணி Content-Aware Fill கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் முடியும். நான் எல்லா வெளிப்புறப் படத்துக்கும் அதுதான் செய்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ

வானத்துக்கும் மலைக்கும் அது நன்றாகவே வரும் தம்பி, அங்கே நான் மறுக்கவில்லை. முடிக்கு அருகில் வந்தால் அது முடியையும் மாதிரியாக எடுத்துக்கொண்டு மலையில் கறுப்புத் தீற்றலாகப் போடும். எங்கிருந்து எடுக்கலாம் என்று பச்சையாகக் காட்டும் பகுதியில், தலையையும் தோளையும் பிரஷ்ஷால் கழித்துவிட்டால் தீற்றல் வராது. அப்போதும் இழைகளை அது உண்டாக்கித் தராது, வெட்டின மாதிரி ஓரம்தான் கிடைக்கும்.

நகரி வாசகர்

எங்கள் பக்கம் வேறு மாதிரி. திருமலையில் மொட்டை போட்டுவிட்டு வரும் குழந்தைகளைத்தான் அதிகம் எடுக்கிறேன். பேருந்து நிலையத்தில் எடுத்த படத்தில் ஒரு பையன் தலையில் விளக்குக் கம்பம். முடி இல்லாததால் பென் டூலில் ஒரு வளைவு போட்டுப் பின்னணியை மாற்றினேன், ஆனால் தலை அட்டையில் வெட்டி வைத்தது போலக் கூர்மையாக நின்றது. மாஸ்க்கை ஒரு பிக்சல் அளவு மென்மையாக்கிய பிறகுதான் சரியாயிற்று. சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடத்தில் ஓரம் கொஞ்சம் மேடு பள்ளமாகவும் இருந்தது, அதை அப்படியே விட்டேன்.

களியக்காவிளை ரசிகன்

போட்டோகிராபர் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே?

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ

உண்மைதான், அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எடுத்து முடித்த படத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். அந்தப் பெண் அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை சிரிக்க மாட்டாள்.

தத்தமங்கலம் மாணவி

அண்ணா, அழித்த இழைகளை எப்படிக் கட்டினீர்கள்? நான் பிரஷ்ஷால் வரைந்தால் கம்பி குத்தி வைத்தது போல வருகிறது.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ

முதலிலேயே வரையாதேம்மா. அதே தலையில் நல்ல ஓரம் இருக்கும் இடத்தைத் தேடு. எனக்குக் கம்பத்துக்கு வலதுபக்கம் ஒட்டியே கிடைத்தது. மலைக்கு முன்னால் நாலைந்து இழைகள் தெளிவாகப் பறந்தன. அந்தத் துண்டைப் புது லேயரில் காப்பி செய்து, கொஞ்சம் சுழற்றி, Warp கொடுத்துத் தலையின் வளைவுக்கு வளைத்தேன். லேயரின் முறையை Darken ஆக்கினேன். கறுப்பு இழை தங்கும், துண்டோடு வந்த மலை நீலம் கீழே உள்ளதைவிட வெளிச்சமாக இருந்தால் மறைந்துவிடும். மறையாவிட்டால் அந்தத் துண்டை மட்டும் லெவல்ஸில் கொஞ்சம் வெளிறச் செய்ய வேண்டும்.

இடதுபக்கத்திலிருந்து எடுத்துத் திருப்பிப் போடலாம் என்று பலர் சொல்வார்கள். இந்தப் படத்தில் மாலை வெயில் இடமிருந்து விழுகிறது. திருப்பினால் பளபளப்பு தப்பான பக்கத்தில் வந்து உட்காரும். வெயில் இல்லாத மேகமூட்டப் படமானால் தாராளமாகத் திருப்பலாம்.

அப்புறம்தான் பிரஷ். துண்டுக்கும் பழைய முடிக்கும் நடுவில் தெரியும் இணைப்பை மறைக்க மட்டும். கடினமான வட்டப் பிரஷ், ஒன்று முதல் மூன்று பிக்சல், பேனா அழுத்தத்தில் நுனி மெலிய வேண்டும். நீ சொல்லும் கம்பித் தோற்றம் இரண்டு காரணத்தால் வரும். இழையை ஓரத்திலிருந்து தொடங்குகிறாய், அதை உள்ளே அடர்த்தியான முடியிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். இன்னொன்று, ஒரே கறுப்பு. பக்கத்து முடியிலிருந்து இரண்டு மூன்று நிறம் எடுத்து மாற்றி மாற்றிப் போடு. எண்ணெய் தேய்த்த தலை என்றால் ஒன்றிரண்டு இழை பழுப்பாகவே மின்னும். எல்லாம் ஒரே திசையில் போகாமல் ஒன்று இன்னொன்றைக் குறுக்கே வெட்டட்டும். கடைசியில் அந்த லேயருக்கு அரை பிக்சல் மங்கலும், படத்தில் உள்ள அளவுக்கு நாய்ஸும் கொடுத்தால்தான் கேமராவில் வந்த முடியோடு சேரும்.

பாறசாலை வெட்டிங் ஆல்பம்

சரி அண்ணா, முடி ஓரத்துக்கு முயன்று பார்க்கிறேன். சரியாக வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? எடுத்தவனுக்கு எல்லாம் சரியாகவே தெரிகிறது.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ

எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டை மிகச் செங்குத்தாக்கு. வானத்தில் கம்பம் நின்ற இடம் பட்டையாகத் தெரிந்தால் அங்கே இன்னும் வேலை இருக்கிறது. படத்தை இடம் வலமாகத் திருப்பியும் ஒரு தடவை பார். பார்த்ததும் கண் உச்சந்தலைக்குப் போகிறது என்றால் ஓரம் சரியில்லை.

குமுளி பேரன்

என் பாட்டி படம் இது போலவே. ஆனால் முடி முழுக்க நரை, பின்னால் வெள்ளை மேகம், தலையில் கொடிக்கம்பம். Darken போட்டால் முடியே காணாமல் போகிறது.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ

வெள்ளை முடிக்கு Lighten போட வேண்டும். ஆனால் அது பின்னணி இருட்டாக இருந்தால்தான் உதவும், மேகத்துக்கு முன்னால் இரண்டுமே கைகொடுக்காது. அந்த இடத்தில் முடியின் நிழல் பக்க இழைகளை மட்டும் சாம்பலில் வரைந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அப்படி ஒரு படத்தை நான் முடித்துக் கொடுத்தது இல்லை.

நகரி வாசகர்

மேகத்தையே அந்த இடத்தில் கொஞ்சம் இருட்டாக்கினால் என்ன? பாட்டி படத்தில் வானத்தைத் தொட வீட்டார் சம்மதிப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குமுளி பேரன்

அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் அண்ணா.