புதுப்பிப்பு: z = 1.5-க்கு வலப்புறப் பரப்பு 0.4332-ஆ, 0.0668-ஆ?

கேட்டிருந்தது: "பொட்டலங்களின் எடை இயல்நிலைப் பரவலில் உள்ளது; சராசரி 500 கிராம், திட்ட விலக்கம் 8 கிராம். பொட்டலம் 512 கிராமுக்கு மேல் இருக்க நிகழ்தகவு என்ன? அட்டவணையில் 0.4332, விடைப் பகுதியில் 0.0668. எது சரி?"

உதவிய அனைவருக்கும் நன்றி. விடைப் பகுதியே சரி; z = (512 − 500)/8 = 1.5 என்பதிலும் குறையில்லை. சிக்கலைத் தீர்த்தது, அட்டவணையில் z = 0.00 கட்டத்தை முதலில் பார்க்கச் சொன்ன ஆசிரியரின் யோசனை. அங்கே 0.0000 என்று இருந்ததால், அந்த அட்டவணை சராசரியிலிருந்து z வரையிலான பரப்பை மட்டுமே தருகிறது என்பது தெளிவாயிற்று, ஆகவே 0.5 − 0.4332 = 0.0668.

"எப்போதும் 1-லிருந்து கழியுங்கள்" என்ற மற்றொருவரின் விதி, அக்கட்டத்தில் 0.5000 காட்டும் அட்டவணைக்கே பொருந்தும். இங்கே அது 0.5668 தரும், சராசரிக்கு வலப்புறம் தொடங்கும் வால் பாதியை மிஞ்சாது என்பதால், வரைபடம் போட்டாலே பிழை தெரிந்துவிடும்.

எதிர்பாராத ஒன்று: தமது கணக்கில் 0.1336 வந்ததாக எழுதியவர், இருபுற வால்களையும் கூட்டியிருந்தார். ஒருபுற வாலின் 5 விழுக்காட்டு எல்லைக்கு z 1.64-ஆ 1.65-ஆ என்ற அவரது கேள்விக்கு இன்னும் ஒருமித்த பதில் வரவில்லை; நான் 1.645 எடுக்கிறேன்.