பெப்ரவரி 4 கொடியேற்ற நோட்டீஸ்: [நேரம்], [இனிப்பு] இரண்டையும் என்னவென்று நிரப்புவது?

உவர்மலை, சங்கச் செயலாளர்

திருகோணமலையில் எங்கள் குடியிருப்பில் 42 வீடுகள். தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் கலந்து இருக்கின்றன. கொடியேற்றத்துக்கான நோட்டீஸ் வரைவு இதுதான்:

"அன்பார்ந்த குடியிருப்பாளர்களே, தேசிய சுதந்திர தினத்தை முன்னிட்டு பெப்ரவரி 4ஆம் திகதி காலை [நேரம்] மணிக்கு ஒழுங்கை முகப்பில் உள்ள கம்பத்தடியில் தேசியக்கொடி ஏற்றப்படும். முடிவில் [இனிப்பு] வழங்கப்படும். அனைவரும் தவறாது சமுகமளிக்கவும்."

அடைப்புக்குறிக்குள் இருக்கிற இரண்டுக்கும்தான் யோசனை வேண்டும். இப்படியான நிகழ்வை நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள். எது வழக்கமாகப் பிழைக்கிறது என்பதையும் சொன்னால் நல்லது.

லிங்கநகர், ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர்

தம்பி, [நேரம்] என்று ஒரு இடம் விட்டிருக்கிறீர்கள். அங்கே இரண்டு நேரம் வரவேண்டும். எட்டு மணி என்று மட்டும் போட்டால் பாதிப் பேர் எட்டுக்குத்தான் வீட்டுப் படியிறங்குவார்கள், மற்றப் பாதி எட்டுக்கு வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "கூடும் நேரம் 7.45, கொடி ஏறும் நேரம் 8.00" என்று பிரித்துப் போடுங்கள். இடையில் உள்ள பதினைந்து நிமிடம் பிள்ளைகளை நிரைப்படுத்தவும் ஒலிபெருக்கியைச் சரிபார்க்கவும் போய்விடும்.

மூன்றாவது ஒரு நேரமும் உண்டு, அதைத்தான் எல்லோரும் மறப்பது. கொடியை இறக்கும் நேரம். பெப்ரவரி முதல் வாரத்தில் இங்கே சூரியன் காலை 6.20 தாண்டி எழும்பி மாலை 6.10 அளவில் விழும். ஆகவே "மாலை 6.00 மணிக்குக் கொடி இறக்கப்படும்" என்று எழுதி, பக்கத்தில் பொறுப்பாளரின் வீட்டு இலக்கத்தையும் போடுங்கள். ஆளைக் குறிக்காவிட்டால் ஏற்ற நூறு கை இருக்கும், இறக்க ஒரு கை இராது. கொடி இரவு முழுக்க நனைந்து தொங்கும்.

காலை 7க்கு முன் வேண்டாம். காற்று அடங்கியிருக்கும் வேளையில் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்பதைத் தாண்டினால் வெயில் ஏறிவிடும், கொழும்பு நிகழ்வைத் தொலைக்காட்சியில் பார்க்க இருக்கிறவர்களும் வரமாட்டார்கள்.

திருக்கடலூர்

கொடியை மடித்து உள்ளே பூவிதழ் வைத்து, மேலே கட்டிவிட்டு, கயிற்றைச் சுண்டி விரிப்பதுதான் முறை. இந்தியாவில் ஆகஸ்ட் 15க்கு அப்படித்தான் செய்கிறார்கள், பார்க்கவும் அழகு. அப்படிச் செய்தால் நேரமும் மிச்சம்.

மட்டிக்களி, மின்வேலை செய்பவர்

அண்ணா, நீங்கள் சொல்வது அவர்களுடைய ஜனவரி 26 வழக்கம். அன்று மேலே கட்டிவைத்த கொடியை விரிப்பார்கள். ஆகஸ்ட் 15க்கு அவர்களும் கீழிருந்துதான் ஏற்றுகிறார்கள். இங்கே பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் விரித்த கொடியைத்தான் கீழிருந்து மேலே ஏற்றுவது. பூப்பொதி ஆசையாக இருந்தால் வைக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் முதல்நாள் இரவே கட்டிவைத்தால் கடல் ஈரத்தில் முடிச்சு இறுகிவிடும். இழுக்க இழுக்க அவிழாமல் முழுப்பொட்டலமும் ஆடும்.

இந்த ஊரில் பெரிய வில்லங்கம் கப்பிதான். உப்புக்காற்றில் இரும்புக் கப்பி ஒரு வருடத்தில் துருப்பிடித்து, சக்கரம் சுழலாமல் கயிறு அதன்மேல் உரசிக்கொண்டு ஓடும். பிறகு ஒருநாள் கயிறு சக்கரத்தை விட்டு விலகிப் பக்கத்தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே செருகிக்கொள்ளும். கொடி அரைக்கம்பத்தில் நின்றுவிடும், தேசிய கீதம் பாடி முடியும். அரைக்கம்பக் கொடி துக்கத்துக்குரியது என்பதால் கூட்டத்தில் முணுமுணுப்பும் எழும். பெப்ரவரி 3 பின்னேரமே கொடி இல்லாமல் ஒரு பழந்துணியைக் கட்டி மூன்று தரம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கிறீச் என்று சத்தம் வந்தாலோ, கை விட்டதும் துணி தன் பாரத்தில் இறங்காவிட்டாலோ கப்பியை மாற்றவேண்டும். நைலோன் அல்லது துருப்பிடிக்காத உருக்குக் கப்பி போடுங்கள்.

20 அடிக் கம்பத்துக்கு 6க்கு 3 அடிக் கொடி போதும். கயிறு கம்பத்தின் இரண்டு மடங்கும் மேலே ஐந்தாறு அடியும், அதாவது 45 அடி இருக்கட்டும். கொடியின் மேல்மூலையைக் கயிற்றோடு ஒட்டக் கட்டுங்கள். அங்கே அரை அடி தொங்கல் விட்டால் கொடி உச்சிக்குப் போகவே போகாது, முடிச்சு முதலில் கப்பியில் முட்டிவிடும். கட்டமுன் ஒருதரம் பாருங்கள்: கம்பத்தை ஒட்டிப் பச்சை, அடுத்து செம்மஞ்சள், அதற்குப் பிறகு சிங்கம், வாள் மேல்நோக்கி.

பாலையூற்று

எங்கள் வீட்டு மேல்மாடியில் ஜனவரி கடைசியிலிருந்து கொடி பறக்கிறது. ஓரம் கிழிந்துவிட்டது. சங்கம் புதுக்கொடி தருமா? அதையும் நோட்டீஸில் போடலாமே.

லிங்கநகர், ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர்

அது வேறு விசயம், பிள்ளை. கிழிந்ததை இறக்கிவிடுங்கள். இரவும் பகலும் பறக்கவிட்டால் வாடைக்காற்று முதலில் தின்பது பறக்கிற ஓரத்தைத்தான். அந்த ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்ட கொடியாகப் பார்த்து வாங்குங்கள், மாலையில் இறக்குங்கள்.

ஜமாலியா, வீட்டில் இனிப்புச் செய்து விற்பவர்

[இனிப்பு] பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அதனால் நான் சொல்கிறேன். கலந்த குடியிருப்பில் மூன்று கேள்வி கேளுங்கள். முட்டை இருக்கிறதா, ஜெலற்றின் இருக்கிறதா, மாலை வரை தாங்குமா. கேக் முதல் கேள்வியில் விழும், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் தொடமாட்டார்கள். கடையில் வாங்கும் ஜெலி இனிப்பு இரண்டாவதில் விழும், ஜெலற்றின் எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டோம். பால்சோறு மூன்றாவதில் விழும். தேங்காய்ப்பால் சேர்ந்தது, விடியக் கிண்டினால் மத்தியானத்துக்குள் புளிக்கும்.

மூன்றிலும் தேறுவது பால் ரொபி. ஒரு கட்டிப்பால் தகரம், பால்மாத் தகரம் இல்லை. அதற்கு அரைக்கிலோ சீனி, கால் கோப்பை தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி பட்டர், ஒரு பிடி கஜு. ஓர் அங்குலத் துண்டாக வெட்டினால் தகரத்துக்கு 45 அளவில் வரும். உங்கள் கணக்கைப் பார்ப்போம். 42 வீட்டில் 70 பேர் வருவதாக வையுங்கள், ஆளுக்கு இரண்டு என்றால் 140. பிள்ளைகள் இரண்டாம் தரம் வருவார்கள், அதற்கு ஒரு பதினைந்து. ஆக 155. நான்கு தகரம் போட்டால் 180 வரும், மிச்சம் வராதவர்களின் வீட்டுக்குப் போகும். நான்கையும் ஒரே தாச்சியில் போட்டுவிடாதீர்கள், அடிப்பிடித்து முழுவதும் கருகல் மணக்கும். இரண்டு இரண்டாகக் கிண்டுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மெத்தென்ற உருண்டையாகத் திரளவேண்டும், அதுதான் இறக்கும் பதம். திரளாமல் கரைந்தால் தட்டில் இறுகாது. பதம் தாண்டினால் வெட்டும்போது பொடியும்.

ஈரக்காற்றில் திறந்து வைத்தால் ஒட்டும். ஒவ்வொன்றையும் எண்ணெய்த்தாளில் சுற்றி டின்னில் போட்டு மூடிவையுங்கள்.

இன்னொன்று, இதை அடுத்த வருடங்களுக்கும் குறித்துவையுங்கள். 2028இலும் 2029இலும் பெப்ரவரி 4 நோன்புக் காலத்துக்குள் வருகிறது. 2028இல் அது வெள்ளிக்கிழமையும்கூட. அப்போது கம்பத்தடியில் கையில் நீட்டினால் நோன்பாளிக்குச் சங்கடம், வாங்காமல் போனால் கொடுத்தவருக்குச் சங்கடம். வீட்டுக்கு ஒரு பொதியாகக் கொடுத்துவிட்டால் நோன்பு திறக்கையில் சாப்பிடுவார்கள்.

அன்புவழிபுரம்

அக்கா, கணக்கு சரி. ஆனால் பால்சோறை ஒரேயடியாகத் தள்ளவேண்டாம். சிங்களக் குடும்பங்களுக்கு அன்று காலையில் அது இல்லாமல் முழுமை இல்லை. கிலோ பச்சையரிசிக்கு இருபது துண்டு வரும், இரண்டு கிலோ கிண்டி எட்டரைக்குள் கொடுத்து முடித்தால் புளிக்கும் பேச்சே இல்லை. நீரிழிவுக்காரருக்கு ஒரு சீப்புக் கதலிப்பழமும் வையுங்கள்.

ஜமாலியா, வீட்டில் இனிப்புச் செய்து விற்பவர்

எட்டரைக்குள் கொடுக்க முடிந்தால் சரி. பேச்சாளர் ஒருவர் மைக்கைப் பிடித்தால் எட்டரை பத்தாகும், அதையும் யோசியுங்கள்.

மனையாவெளி, அச்சக வேலை

நோட்டீஸ் பற்றி. வெற்றிடத்தை "____" என்று கோடாக விடாதீர்கள், அது வடிவமைப்பு என்று நினைத்து அப்படியே அச்சாகும். சதுர அடைப்புக்குறிதான் நல்லது. அனுப்பமுன் கணினியில் Ctrl+F அழுத்தி [ என்று தேடுங்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் எல்லாம் நிரம்பியாயிற்று. தொலைபேசியில் அனுப்புவதென்றால் தேட வசதி இல்லாதவர்கள் ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், அடைப்புக்குறி வந்த இடத்தில் நாக்குத் தடுக்கும்.

அதைவிடப் பெரிய பிழை இரண்டு மொழி நோட்டீஸில் வருகிறது. கடைசி நேரத்தில் தமிழ்ப்பிரதியில் 7.45 ஆக்குவார்கள், சிங்களப்பிரதியில் 8.00 அப்படியே நிற்கும். இலக்கங்களை இரு மொழிக்கும் பொதுவான ஒரே வரியில், நடுவில், பெரிதாகப் போடுங்கள். அப்போது மாற்றினால் ஒரே இடத்தில்தான் மாற்றவேண்டும்.

லிங்கநகர், ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர்

இன்னுமொன்று. "தவறாது சமுகமளிக்கவும்" என்பதை எடுத்துவிடுங்கள். இந்த நாளைக் கரிநாளாகக் கடைப்பிடிக்கிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். வராதவர் பெயரைக் குறிக்கிற சங்கம் அடுத்த கூட்டத்துக்கு ஆள் தேடவேண்டிவரும். "வர விரும்புவோரை அன்புடன் அழைக்கிறோம்" என்றால் போதும். இனிப்புப் பொதி எல்லா வீட்டுக்கும் போகட்டும்.

உவர்மலை, சங்கச் செயலாளர்

நன்றி ஐயா, அக்கா, எல்லோருக்கும். திருத்திய வரிகள்:

"பெப்ரவரி 4. கூடும் நேரம் 7.45, கொடியேற்றம் 8.00, கொடி இறக்கம் மாலை 6.00 (பொறுப்பு: 17ஆம் இலக்க வீடு). வர விரும்புவோரை அன்புடன் அழைக்கிறோம். பால் ரொபிப் பொதி ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். காலையில் [இனிப்பு]."

கடைசி இடத்தைச் செயற்குழு கூடும்வரை விட்டிருக்கிறேன், பால்சோறு கிண்ட இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தேசிய கீதத்தை எந்த மொழியில் பாடுவது என்று இரண்டு வீட்டார் கேட்கிறார்கள்.

அன்புவழிபுரம்

2016இல் கொழும்பில் அரச சுதந்திர தின விழாவிலேயே தமிழிலும் பாடினார்கள். நல்லதம்பி மொழிபெயர்த்த வரிகள்தான், பாடசாலைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

திருக்கடலூர்

2020இல் சிங்களத்தில் மட்டும்தானே பாடினார்கள்?

அன்புவழிபுரம்

ஆம். அது அரச விழா. ஒழுங்கை முகப்பில் நாம் இரண்டையும் பாடலாம், கொடி எந்தப் பாட்டோடு ஏறுவது என்பதைத்தான் முதலே பேசி வையுங்கள். கயிற்றைப் பிடிக்கிறவருக்கும் அது தெரியவேண்டும்.